ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம்: அதுல படிக்க உண்மையிலேயே எவ்வளவு இருக்கு?



போன மாசம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பொண்ணு பி.காம் முடிச்சிட்டு வீட்டுல இருந்தபடியே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறா. சித்தி பனியன் கம்பெனிக்கு காலையில எட்டேகாலுக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாங்க. தம்பி பிளஸ் ஒன். அம்மாயிக்கு நடக்க முடியாது, கூடவே ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆள் இவதான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்த ஒரு பெரியம்மா கேட்டாங்க: "நாள் முழுக்க வீட்டுலதானே இருக்கே, அப்புறம் படிக்க நேரமில்லைங்கறியே?" இவ பதில் சொல்லல. அவங்க போனதுக்கு அப்புறம் என்கிட்ட சொன்னா: "அவங்க சொல்றது சரிதான்ண்ணா. நான்தான் சோம்பேறி. தினமும் எட்டு மணி நேரம்னு மூணு தடவை டைம்டேபிள் போட்டேன். ஒண்ணு கூட நாலு நாள் தாண்டல. விட்டுடலாம்னு இருக்கேன்."

நான் ஒண்ணுதான் கேட்டேன். "அந்த எட்டு மணி நேரம் எந்த மணியில இருந்து எந்த மணி வரைக்கும்?" அவளால சொல்ல முடியல. சரி, விடறதா இருந்தாலும் ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாத்துட்டு விடுன்னு சொன்னேன். அந்தக் கணக்கைத்தான் அவ அனுமதியோட இங்க எழுதறேன்.

நோட்டு எப்படிப் போடறது

ஒரு வாரத்துக்கு 24 × 7 = 168 மணி நேரம். அதை அரை மணி அரை மணியா பிரிச்சா 336 கட்டம். ஒரு நீள நோட்டுல ரெண்டு பக்கத்தையும் சேர்த்து விரிச்சு, மேல ஏழு நாள், பக்கவாட்டுல 48 அரை மணி. அவ்வளவுதான். போன்ல எழுத வேண்டாம். எழுதத் திறந்த போன் ரீல்ஸ்ல போய் நிக்கும், அந்த இருபது நிமிஷம் கணக்குலயும் வராது.

ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரே ஒரு எழுத்து. அவ வச்சிக்கிட்டது: தூ (தூக்கம்), சா (குளியல், சாப்பாடு), வீ (சமையல், பாத்திரம், துணி), த (தண்ணி, கடை), அ (அம்மாயி), டி (டியூஷன்), கோ (கோயில், சொந்தக்காரங்க), போ (போன்), ப (படிப்பு). கடைசியா ஒரு கேள்விக்குறி. என்ன பண்ணினோம்னே தெரியாத அரை மணிக்கு அது. அரை மணியில ரெண்டு வேலை நடந்தா எது கால் மணிக்கு மேல போச்சோ அதை எழுதணும்.

இதுல மூணு விஷயம் கவனிக்கணும்.

முதல்ல, வாரத்தைத் தேர்ந்தெடுக்கறது. தைப்பூசம், ஆடிக்கிருத்திகை, கல்யாணம், காய்ச்சல் இதெல்லாம் இல்லாத சாதாரண வாரமா இருக்கணும். ஆனா வாராவாரம் வர்ற செவ்வாய்க்கிழமை கோயில் போறது சாதாரண வாரத்துல சேர்ந்ததுதான். அதை வெட்டாம அப்படியே எழுதணும்.

ரெண்டாவது, ராத்திரி உக்காந்து மொத்தமா எழுதக் கூடாது. ராத்திரியில ஞாபகம் நமக்குச் சாதகமாத்தான் பேசும். முக்கால் மணி நேரம் படிச்சது ரெண்டு மணி ஆகிடும், போன் பார்த்தது காணாமலே போயிடும். காலை டிபன், மதியச் சாப்பாடு, சாயங்காலம், படுக்கப் போறப்போன்னு நாலு தடவை எழுதினா போதும். பழக்கம் வர ஞாயித்துக்கிழமை ஒரு நாள் சும்மா எழுதிப் பாத்துட்டு, திங்கள்ல இருந்து நிஜக் கணக்கு ஆரம்பிக்கலாம்.

மூணாவது, அந்த வாரம் மட்டும் நல்ல பிள்ளையா மாறிடக் கூடாது. கணக்கு எழுதறோம்னு அஞ்சு மணிக்கு எழுந்து படிச்சா, அது உங்க வாரமே இல்ல. நோட்டைப் பாத்தாலே இது தெரியும். எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்து, ஒரு கேள்விக்குறி கூட இல்லைன்னா அது எழுதின கணக்கு இல்ல, ஆசைப்பட்ட கணக்கு.

கூட்டிப் பார்த்தப்போ வந்தது

ஏழு நாள் முடிஞ்சதும் எழுத்துகளை எண்ணி ரெண்டால வகுத்தோம்.

தூக்கம் (மதியம் கண் அசந்தது மூணு மணி உட்பட): 50.5 மணி
குளியல், சாப்பாடு: 14
சமையல், பாத்திரம், துணி, வீடு: 29
தண்ணி, கடை, ரேஷன்: 4.5
அம்மாயி: 10
டியூஷன்: 7.5
கோயில், சொந்தக்காரங்க: 5
போன்: 16.5
படிப்பு: 11.5
கேள்விக்குறி: 19.5

மொத்தம் 168. இந்தக் கூட்டல் 168 வரலைன்னா எங்கயோ கட்டம் விட்டுப்போச்சு, இல்ல ரெண்டு தடவை எண்ணியிருக்கோம்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் மேல போகணும்.

இன்னொரு சரிபார்ப்பும் செஞ்சோம். ஆண்ட்ராய்டு போன்ல Settings உள்ள Digital Wellbeing-னு இருக்கும், ஐபோன்ல Screen Time. ஒவ்வொரு நாளும் திரை எவ்வளவு நேரம் எரிஞ்சுதுன்னு அது காட்டும். அவ நோட்டுல போன் 16.5 மணி. போன் காட்டினது ஏழு நாளைக்கும் சேர்த்து 24 மணி. அந்த மீதி ஏழரை மணி நேரம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு? பெரும்பாலும் கேள்விக்குறிக்குள்ள. "சும்மா உக்காந்திருந்தேன்"னு அவ நெனச்ச நேரத்துல பாதிக்குக் கொஞ்சம் குறைவா கையில போன் இருந்திருக்கு. சமைக்கிறப்போ பாட்டு ஓடினது, பிடிஎஃப் பார்த்ததும் அந்த 24-ல சேரும். அதனால அது முழுக்கக் குற்றக் கணக்கு இல்ல. நோட்டு எவ்வளவு தூரம் உண்மை பேசுதுன்னு தெரிஞ்சிக்க அது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

இப்போ விட முடியாத வேலையை எல்லாம் கழிச்சா (50.5 + 14 + 29 + 4.5 + 10 + 7.5 + 5 = 120.5) மீதி 47.5 மணி. ஒரு நாளைக்கு ஏழு மணிக்குக் கொஞ்சம் குறைவு.

அதைப் பாத்ததும் அவ முகம் சுருங்கிடுச்சு. "பாத்தியாண்ணா, பெரியம்மா சொன்னது சரிதான்."

பெரும்பாலானவங்க கணக்கை இங்கேயே நிறுத்திடுவாங்க. தப்பு நடக்கறதும் இங்கதான். 47.5 மணி வேலை இல்லாத நேரம்ங்கறது உண்மை. அது படிக்கக்கூடிய நேரமாங்கறது வேற கேள்வி. அதுக்கு மூணு சல்லடை இருக்கு.

முதல் சல்லடை: தொடர்ச்சியா இருக்கா?

47.5 மணின்னா 95 கட்டம். அதை எல்லாம் பச்சைப் பேனாவுல வட்டம் போடச் சொன்னேன். போட்டு முடிச்சதும் பக்கம் முழுக்கப் பச்சைப் புள்ளி சிதறிக் கிடந்துச்சு. குக்கர் வச்சதுக்கும் துணி காயப்போட்டதுக்கும் நடுவுல ஒரு அரை மணி. அம்மாயிக்கு மாத்திரை குடுத்ததுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல ஒரு அரை மணி. இப்படித் தனியா நின்ன கட்டம் மட்டும் 29. அதாவது 14.5 மணி.

புது பாடம் ஒண்ணைத் திறந்து, எங்க விட்டோம்னு தேடி, மனசு அதுல இறங்கறதுக்கே பத்து நிமிஷம் ஆகும். அரை மணியில மீதி இருபது நிமிஷம், அதுலயும் ஒரு கண்ணு அடுப்பு மேல. அதனால தனிக் கட்டத்தை எல்லாம் படிப்புக் கணக்குல இருந்து எடுத்துட்டோம். அதை வீண்னு தூக்கிப் போடல. பிரித்து எழுதுக, எதிர்ச்சொல், நூல் ஆசிரியர் பேருன்னு ஏற்கெனவே படிச்சதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அது போதும். ஆனா அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ரெண்டு கட்டமாவது சேர்ந்து நின்னது 33 மணி.

ரெண்டாவது சல்லடை: யாராவது கூப்பிடுவாங்களா?

எழுத ஆரம்பிக்கிறப்பவே இன்னொண்ணு சொல்லியிருந்தேன். யாராவது கூப்பிட்டு எழுந்து போனா அந்தக் கட்டத்துல ஒரு சின்னப் புள்ளி வை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி.

மதியம் ரெண்டரைல இருந்து நாலு வரைக்கும் தினமும் ஒன்றரை மணி நேரம் காலியாத்தான் இருந்துச்சு. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அதுதான் "சும்மா இருக்கற நேரம்." ஆனா அந்த வரிசையில புள்ளிகள் மூணு, நாலு, ஒரு நாள் ஆறு. அம்மாயி அப்பத்தான் முழிச்சிருப்பாங்க. தண்ணி கேப்பாங்க, பாத்ரூம் போகணும்பாங்க, மணி என்னன்னு கேப்பாங்க. பக்கத்து வீட்டு அக்கா கொரியர் வாங்கி வைக்கச் சொல்வாங்க. யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா ஒரு மணி நேரத்துல மூணு தடவை எழுந்திருச்சா, அந்த மணி நம்மது இல்ல.

ஏழு மதியமும் சேர்த்து 10.5 மணி போச்சு. மீதி 22.5.

அந்த நேரத்துக்கும் ஏத்த வேலை இருக்கு. பழைய வினாத்தாள் எடுத்து ஒவ்வொரு கேள்வியா போடலாம். நாப்பதாவது கேள்வியில எழுந்து போனாலும் திரும்பி வந்து நாப்பத்தொண்ணுல ஆரம்பிக்க முடியும். புது பாடத்தை அப்படி விட்ட இடத்துல இருந்து எடுக்க முடியாது.

மூணாவது சல்லடை: தலை முழிச்சிருக்கா?

அவ அதிகம் நம்பினது ராத்திரி பத்துல இருந்து பதினொண்ணு. எல்லாரும் படுத்துடுவாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க. வாரத்துக்கு ஏழு மணி நேரம். அவ படிச்ச 11.5 மணியில 6 மணி அங்கதான் இருந்துச்சு.

அதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கு. படிச்சு முடிச்சதும் புத்தகத்தை மூடி, இப்போ படிச்சதுல மூணு விஷயத்தை ஒரு தாள்ல எழுதணும். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எழுத முடிஞ்சா டிக், முடியலைன்னா எக்ஸ். அடுத்த வாரம் நாலு ராத்திரி செஞ்சு பாத்தா. நாலும் எக்ஸ். ஒரே பக்கத்தை ரெண்டு நாள் படிச்சிருக்கா, படிச்சோம்ங்கறதே ஞாபகம் இல்ல. காலையில ஆறு மணிக்கு எழுந்து நிக்காம ஓடின உடம்பு, ராத்திரி பத்துக்கு மேல கண்ணை மட்டும்தான் திறந்து வச்சிருந்துச்சு.

அதே சோதனையைக் காலையில செஞ்சப்போ நாலு நாளும் டிக். அதனால இது அவ மூளையோட குறை இல்ல, மணியோட குறை. சில பேருக்கு இது நேர் எதிரா இருக்கும், ராத்திரிதான் நல்லா ஏறும். ஊர் சொல்றதைக் கேக்காம நாலு நாள் எழுதிப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

ராத்திரி ஏழு மணியும் போச்சு. மீதி 15.5.

இந்த 15.5 எங்க இருந்துச்சு?

இதுதான் கணக்கோட மையம்.

காலை பத்தரைல இருந்து பன்னெண்டு: அம்மாயி டிபன் சாப்பிட்டுத் தூங்கற நேரம். புதன்கிழமை நல்ல தண்ணி வர்ற நாள், அன்னைக்கு முடியாது. மீதி அஞ்சு நாள், 7.5 மணி.
சாயங்காலம் ஏழுல இருந்து எட்டு: டியூஷன் முடிஞ்சிருக்கும், தம்பி அம்மாயி பக்கத்துல இருப்பான். திங்கள் முதல் வெள்ளி வரை 5 மணி.
ஞாயித்துக்கிழமை ஒன்பதரைல இருந்து பன்னெண்டரை: சித்தி வீட்டுல இருப்பாங்க. 3 மணி.

அந்த வாரம் இந்த 15.5 மணியில அவ என்ன பண்ணியிருந்தான்னு நோட்டைப் பாத்தோம். போன் 7, கேள்விக்குறி 5.5, படிப்பு 3.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. படிப்பு ஏறாத ராத்திரியில 6 மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் படிச்சிருக்கா. படிப்பு ஏறுற நேரத்துல 3 மணிதான். அவளுக்கு உழைக்கத் தெரியாம இல்ல, உழைப்பு தப்பான கட்டத்துல போய் விழுந்திருக்கு.

ஏன் அப்படி ஆச்சுன்னும் நோட்டுலயே தெரிஞ்சுது. காலையில ஆறுல இருந்து பத்து வரைக்கும் ஒரே "வீ" வரிசை. பத்து மணிக்கு உக்கார்றப்போ உடம்பு ஓய்வு கேக்குது, கை போனுக்குப் போகுது. அந்த அரை மணி ஓய்வு நியாயமானது. ஆனா அதை யாரும் ஓய்வுன்னு ஒத்துக்காததால அதுக்கு ஒரு முடிவும் இல்ல, அப்படியே பன்னெண்டு வரைக்கும் இழுத்துட்டுப் போகுது. அதனால பத்துல இருந்து பத்தரை வரை ஓய்வுன்னு எழுதியே வச்சோம். அந்த நேரத்துல போன் பாக்கலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். பத்தரைக்கு அலாரம். அலாரம் அடிச்சா போன் சமையல்கட்டு அலமாரிக்குப் போயிடும்.

கடைசிக் கழித்தல்

15.5 முழுசையும் திட்டத்துல போடக் கூடாது. ஒரு நாள் அம்மாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், ஒரு நாள் கரண்ட் போகும், ஒரு நாள் விருந்தாளி வருவாங்க. அதனால ஞாயித்துக்கிழமை 3 மணியில எதுவும் எழுதாம விட்டோம். வாரத்துல தவறிப்போன வேலை எதுவோ அது அங்க போகும். எதுவும் தவறலைன்னா ஒரு மாதிரித் தேர்வு. குரூப் 4 தாளும் மூணு மணி நேரம்தான், சரியாப் பொருந்திச்சு.

திட்டத்துக்கு மிஞ்சினது 12.5 மணி. எட்டு மணி டைம்டேபிள்படி வாரத்துக்கு 56. உண்மை அதுல நாலுல ஒரு பங்கு கூட இல்ல. மூணு டைம்டேபிளும் நாலு நாள்ல உடைஞ்சதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல, இல்லாத 43.5 மணி நேரத்துக்கு வேலை எழுதி வச்சதுதான்.

தேர்வுக்கு அப்போ 20 வாரம் இருந்துச்சு. 12.5 × 20 = 250 மணி. இந்த 250-ஐத்தான் பாடத்துக்குப் பங்கு போடணும். தாள்ல 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழ்ப் பகுதியில 40 சதவீதம் எடுக்கலைன்னா மீதித் தாளையே திருத்த மாட்டாங்க. அதனால காலை 7.5 மணியில 4.5 தமிழுக்கு, 3 பொது அறிவுக்கு. சாயங்காலம் 5 மணியில 3 பொது அறிவுக்கு, 2 கணக்குக்கு. மதியம் வினாத்தாள், தனிக் கட்டத்துல தமிழ் இலக்கணம் ஓட்டறது. ராத்திரி பத்துக்கு மேல தூக்கம். அது மட்டும் கட்டளை.

நோட்டை அம்மாகிட்ட காட்டினப்போ

சித்தி ராத்திரி வந்ததும் நோட்டைக் காட்டினா. போன் 16.5-ஐப் பாத்துத் திட்டுவாங்கன்னு பயந்தா. அதை மறைக்கவும் இல்ல. சித்தி விரல் வச்ச இடம் வேற. "வீடு, 29 மணியா?"ன்னு கேட்டாங்க. அதோட அம்மாயி 10, தண்ணி கடை 4.5, டியூஷன் 7.5 சேர்த்தா 51 மணி. சித்தி கம்பெனியில ஒரு வாரத்துக்கு எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியும். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு தம்பியைக் கூப்பிட்டு, "இனிமே உன் துணியை நீயே தொவைச்சுக்கோ, ராத்திரி பாத்திரம் உன்னுது"ன்னாங்க. அவன் முனகினான், ஆனா செய்யறான்.

"வீட்டுல சும்மாதானே இருக்கே"ன்னு சொல்றவங்ககிட்ட வாய்ச் சண்டை போட்டா ஜெயிக்க முடியாது. ஒரு பக்கக் கணக்கு அந்த வேலையைச் செஞ்சுடுச்சு.

வேலைக்குப் போறவங்களுக்கு

சல்லடை அதே மூணுதான், எழுத்து மட்டும் மாறும். பஸ்ல போற நேரத்தை வேலையோட சேர்க்காம தனி எழுத்தா எழுதுங்க. உக்கார இடம் கிடைச்ச பயணத்துக்கும் நின்னுக்கிட்டே போன பயணத்துக்கும் வேற குறி வைங்க. ஒரு மணி நேரப் பயணம் படிக்கற நேரம்னு நெனச்சிருப்பீங்க. வாரத்துல ரெண்டு நாள்தான் சீட்டு கிடைக்குதுன்னா அது ரெண்டு மணிதான். ஷிப்ட் மாறுறவங்க ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு வாரம் எழுதணும். பகல் ஷிப்ட் கணக்கு ராத்திரி ஷிப்ட் வாரத்துக்கு உதவாது.

வீட்டுல ஏதாவது மாறினா கணக்கும் பழசாயிடும். அம்மாயி உடம்பு மாறினாலோ, தம்பிக்கு லீவு விட்டாலோ, மறுபடி ஒரு வாரம் எழுதணும்னு தங்கச்சி நோட்டு அட்டையிலயே எழுதி வச்சிருக்கா.

நேத்து பேசினா. 12.5-ல போன வாரம் 11 மணி நேரம் ஓடியிருக்கு. மீதி ஒன்றரை ஞாயித்துக்கிழமைக்குப் போச்சு. அஞ்சாவது வாரம் நடக்குது. முன்னாடி நாலு நாளே தாண்டாதது.

நோட்டும் பேனாவும் போதும். வர்ற ஞாயிறு ஒத்திகை, திங்கள் காலையில இருந்து நிஜம்.